குறுக்குக் காற்றை நகர்த்தவும்

அந்தக் கோப்பில் நாற்பத்தொரு வாக்கியங்கள் இருந்தன. மென்பொருளே ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் எண் போட்டுக் காட்டிவிடும், எண்ணிப் பார்க்கத் தேவையில்லை. இருந்தாலும் எண்ணினேன். நாற்பத்தொன்றுதான். பதினேழாவது வாக்கியத்தின் பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு பூட்டுப் படம் இருந்தது.

நான் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஏஜென்சியில் கடிதப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது வேலை செய்வது ராயபுரத்தில், கயிறும் தார்ப்பாயும் மொத்தமாக விற்கும் கடையொன்றின் மாடியில். கீழே உள்ள கடை தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பத்துடையது. மாடியில் இருக்கும் மொழிபெயர்ப்பு அலுவலகம் அந்தக் குடும்பத்துப் பெண் நடத்துவது. முன்பெல்லாம் ஆங்கிலத்தைப் படித்துத் தமிழில் எழுதுவோம். இப்போது இயந்திரம் எழுதுகிறது, நாங்கள் அதைத் திருத்துகிறோம். திரையின் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் இயந்திரத்தின் தமிழ். ஒரு வாக்கியத்தைச் சரிசெய்துவிட்டுப் பொத்தானை அழுத்தினால் பச்சை விழும், அடுத்ததற்குப் போகலாம். பூட்டு போட்ட வாக்கியம் என்றால், அதை வேலை கொடுத்த நிறுவனம் ஏற்கெனவே ஒப்புக்கொண்டு, பழைய மொழிபெயர்ப்புகளைச் சேமிக்கும் நினைவகத்தில் சேர்த்துவிட்டது என்று அர்த்தம். பார்க்கலாம், தொட முடியாது.

எந்த வேலை வந்தாலும் எனக்கு ஒரு கவலை உண்டு. இந்த வேலையில் அது இரண்டு மடங்கு. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் மீனையும் இறாலையும் உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் பெரிய குளிர்பதனக் கிடங்கு ஒன்று வந்திருக்கிறது. குளிர்விப்பதற்கு அம்மோனியா. அந்த வாயு வெளியே வந்துவிட்டால் சுற்றியிருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அறிவிப்புதான் அந்த நாற்பத்தொரு வாக்கியங்களும். அதைக் குப்பத்தில் பலகையாக வைப்பார்கள், ஒலிபெருக்கியிலும் சொல்வார்கள். அந்தக் குப்பத்தில், கிடங்கின் மதிலிலிருந்து ஒன்பதாவது வீடு என் மகளுடையது. அவள் ராயபுரத்துப் பெண், கட்டிக்கொண்டது விசைப்படகில் போகும் ஒருவரை. கல்யாணமாகி அங்கே போனதிலிருந்து எனக்குக் கடலைப் பற்றித்தான் பயமாக இருந்தது. கிடங்கு வந்த பிறகு பயம் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

இயந்திரம் எழுதியிருந்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். "வெளியீட்டு நிகழ்வில், அமைதியாக இருங்கள் மற்றும் சட்டமன்றப் புள்ளிக்குச் செல்லவும்." வாயு வெளியே வந்துவிட்டால் என்பதைப் புத்தக வெளியீட்டு விழா ஆக்கியிருந்தது. எல்லோரும் வந்து கூட வேண்டிய இடம் சட்டமன்றம் ஆகியிருந்தது. இன்னொன்று, "கதவுகளை மூடி வைத்திருங்கள் நீங்கள் கேட்கும் வரை அனைத்தும் தெளிவு என்ற ஒலியை." இது ஆங்கிலத்தின் வரிசையிலேயே தமிழ்ச் சொற்களை அடுக்கி வைத்தது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று காட்டக் கம்பத்தில் ஒரு துணிப்பை கட்டுவார்கள் அல்லவா, அது "காற்றுக் காலுறை" என்று வந்திருந்தது. ஆங்கிலத்தில் ஒத்திகைக்கும் துளை போடுவதற்கும் ஒரே சொல் என்பதால், ஒத்திகை "துளையிடல்" ஆகியிருந்தது.

இவையெல்லாம் சிரிப்போடு போகிற தப்புகள். படித்ததும் கண்ணில் குத்தும், திருத்திவிடலாம். எனக்குத் தூக்கம் போவது வழவழப்பாக வந்து உட்காருகிற வாக்கியங்களால். "உங்கள் சுவாசப் பாதைகளின் பாதுகாப்பை ஈரமான துணியைப் பயன்படுத்துவதன் மூலம் உறுதி செய்யவும்." இதில் எந்தச் சொல்லும் தப்பில்லை. மேலோட்டமாகத் திருத்துகிறவர் பச்சை போட்டுவிட்டுப் போய்விடுவார். ஆனால் கண் எரிந்து இருமிக்கொண்டிருப்பவனுக்கு இதைப் படித்து முடிக்கிற நேரம் கிடையாது. பத்துச் சொற்கள். நான் ஆறாக்கினேன்: "ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் இறுக மூடிக்கொள்ளுங்கள்."

பூட்டிய பதினேழாவது வாக்கியம் இது: "வெளியில் இருந்தால், குறுக்குக் காற்றை நகர்த்தவும்."

நாற்பத்தொன்றில் உயிர் காக்கிற வாக்கியம் இதுதான். வாயு வரும்போது காற்று போகிற திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே ஓடி வரும். காற்றுக்குக் குறுக்கே போய்த் தப்ப வேண்டும். ஆங்கிலத்தில் அதைத்தான் சொல்லியிருந்தார்கள். இயந்திரம் குறுக்கே வீசும் காற்று ஒன்றை உண்டாக்கி, அதைத் தள்ளி வைக்கச் சொல்லிவிட்டது.

மகளின் குப்பத்தைப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். கிழக்கே கடல், மேற்கே மெயின்ரோடு. நடுவில் தெற்கு வடக்காக ஒரே தெரு. தெருவின் தெற்கு முனையில் கிடங்கு. தெருவிலிருந்து மெயின்ரோட்டுக்கு மூன்று சந்துகள் உண்டு. ஆபத்து என்றதும் யாராக இருந்தாலும் கிடங்குக்கு முதுகைக் காட்டி வடக்கே ஓடுவார்கள். தென்காற்று அடிக்கும் நாட்களில் வாயுவும் அதே தெருவில் பின்னாலேயே வரும். யாராவது அவர்களைச் சந்துக்குள் திருப்ப வேண்டும்.

முதல் நாளே அலுவலகப் பெண்ணிடம் சொன்னேன். அவர் என்னை விட முப்பது வயது இளையவர். நான் அவரை அம்மா என்பேன், அவர் என்னை சார் என்பார்.

"அது க்ளையன்ட் போட்ட பூட்டு சார். அவங்க பதினோரு மொழியில அதை மொத்தமா ஓகே பண்ணிட்டாங்க. நீங்க மத்த நாப்பதையும் பாருங்க."

"நாப்பதும் சரியா இருந்து இது ஒண்ணு தப்பா இருந்தா என்ன பிரயோஜனம்மா?"

"குறிப்புப் பெட்டியில எழுதி வையுங்க. நான் அனுப்புதேன்." வேலை நெருக்கும்போது அவருக்கு ஊர்ப் பேச்சு எட்டிப் பார்க்கும்.

எழுதி வைத்தேன். மீதி நாற்பதையும் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனேன். அவள் மீன் ஏலக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவள், நன்றாகப் படிப்பாள். அடுப்பில் குழம்பு கொதிக்க, கரண்டியும் கையுமாகத் தாளை வாங்கி உரக்க வாசித்தாள்.

"அம்மோனியா கசிவு ஏற்பட்டால்... இன்னா நைனா, கசிவுன்னா வூட்டு ஓட்டுல மழத் தண்ணி சொட்ற மாதிரி கீது. இது குப்புனு வரும்ல?"

"சரி, 'வாயு வெளியே வந்தால்'."

"ஆங். இது ஓகே. 'ஜன்னல்களைச் சாத்துங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள்.' ஃபேன்னு போடு. இங்க எவன் மின்விசிறி வச்சிகினு கீறான்?"

"பலகையில எழுதறதும்மா..."

"பலகையப் படிக்கிறது யாரு, நாங்கதானே? உன் ஏஜென்சி மேனேஜரா வந்து படிக்கப் போறாரு?"

ஃபேன் என்று போட்டேன். அவள் வாசித்துக்கொண்டே போக, நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே கோடு போட்டுக்கொண்டேன். ஒன்பது இடங்கள். குழம்பு கொஞ்சம் அடிபிடித்துவிட்டது. அதற்கும் நான்தான் காரணம் என்றாள்.

எனக்கே திருப்தியாக நாற்பது வாக்கியங்களையும் அனுப்பினேன். பச்சை, நாற்பதும் பச்சை. அடுத்த வாரம் திரும்பி வந்தபோது பத்தொன்பது சிவப்பாக இருந்தன.

நிறுவனத்தின் தலைமை அலுவலகம் வேறு மாநிலத்தில் இருக்கிறது. அங்கே சரிபார்க்கும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. தெரியாதது அவர் குற்றமில்லை, பதினோரு மொழி யாருக்குத் தெரியும்? ஆகவே அவர்களுக்கு ஒரு முறை உண்டு. நான் திருத்திய தமிழை அதே இயந்திரத்திடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்புவார்கள். திரும்பி வந்த ஆங்கிலமும் முதலில் கொடுத்த ஆங்கிலமும் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால் மொழிபெயர்ப்பு தப்பு.

இதன் விபரீதம் எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. இயந்திரம் தான் எழுதிய தமிழைத் தானே திருப்பினால் அச்சு அசலாகப் பழைய ஆங்கிலம் வந்துவிடும். அது அதனுடைய சொந்தப் பாஷை. சட்டமன்றப் புள்ளி திரும்பிப் போகும்போது ஒழுங்காகக் கூடும் இடமாகிவிடும். குறுக்குக் காற்றை நகர்த்தவும் என்பதும் மாசு மருவில்லாமல் திரும்பிப் போகும். நானும் மகளும் சேர்ந்து எழுதியதுதான் அதற்குப் புரியவில்லை. "ஜன்னல்களைச் சாத்துங்கள்" என்றதை, சாமிக்கு மாலை சாத்துவது என்று எடுத்துக்கொண்டு, ஜன்னல்களை அலங்கரிக்கச் சொல்வதாகத் திருப்பியிருந்தது. "சைரன் கேட்டதும் வெளியே ஓடி வராதீர்கள்" என்பதில், ஓடுவது பற்றி மூலத்தில் எதுவும் இல்லை, மொழிபெயர்ப்பாளர் தாமாகச் சேர்த்திருக்கிறார் என்று குறிப்பு. பத்தொன்பதுக்கும் கீழே ஒரே சொல்: பழையபடி.

"பழையபடின்னா?" என்று கேட்டேன்.

"இயந்திரம் போட்டதையே திரும்ப வச்சிருங்கன்னு சொல்லுதாங்க சார்." அலுவலகப் பெண் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "குப்பத்துல நடக்கப் போற ஒத்திகைக்கு முன்னால பலகை அச்சாகணும். விடுங்க சார். ஏன் இப்படிக் கிடந்து உழத்துதீங்க?"

"எம் பொண்ணு அங்க குடியிருக்காம்மா."

அவர் கோப்பின் கெடு தேதியைப் பார்த்தார். பிறகு, "எவ்வளவு நேரம் வேணும்?" என்றார்.

அன்றைக்கு உட்கார்ந்து, ஒவ்வொரு சிவப்பையும் நானே இயந்திரத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் மகளின் காதுக்குப் புரிய வேண்டும், மறு பக்கம் இயந்திரத்துக்கும் புரிய வேண்டும். நீளமான வாக்கியத்தை இரண்டாக உடைத்தால் சில நேரம் ஒழுங்காகத் திரும்பியது. "சாத்துங்கள்" என்பதை "மூடுங்கள்" என்றாக்கியதும் அலங்காரம் போய்விட்டது. அதில் மனத்தாங்கல் இல்லை, மூடுங்கள் என்றாலும் தெருவில் புரியும். அப்படி ஏழு வாக்கியங்கள் தேறின. மீதிப் பன்னிரண்டை எப்படிப் புரட்டினாலும் ஒன்று மனிதருக்குப் புரிந்தது, அல்லது இயந்திரத்துக்குப் புரிந்தது.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. சரிபார்க்கும் பெண்ணுக்கு ஆங்கிலத்தில் மரியாதையாக எழுதினேன். உங்கள் தாய்மொழி எதுவோ அதில் இதே அறிவிப்பை இதே இயந்திரத்தை வைத்து மாற்றிப் பாருங்கள். மாற்றியதைத் திருப்பியும் பாருங்கள், நன்றாகவே திரும்பும். பிறகு, திருப்பாததை உங்கள் வீட்டில் யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். இவ்வளவுதான் எழுதினேன். அனுப்பிய பிறகு, கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துவிடுவாரோ என்று அந்தக் கடிதத்தைப் பலமுறை படித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு, அலுவலகப் பெண்ணும் நானும் உட்கார்ந்திருந்த கணினியில் காணொளி அழைப்பில் வந்தார். மகள் வயதுதான் இருக்கும், மராத்திக்காரர். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசினார். நூற்றுக்கு நூறு ஒத்துப்போனதாம். அதையே ஊரில் இருக்கும் அம்மாவுக்குப் போனில் வாசித்தாராம். அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, எந்த விழா, எத்தனை மணிக்கு வர வேண்டும், என்ன புடவை கட்டிக்கொள்வது என்று கேட்டாராம்.

நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். முதலில் நிறுத்தியவர் அவர்தான். மற்ற பத்து மொழியும் இப்படித்தானே இருக்கும் என்றார். 

பன்னிரண்டு வாக்கியங்களுக்கும், ஏன் அப்படி எழுதினேன் என்று ஆங்கிலத்தில் காரணம் எழுதிக் கொடுத்தால் தன் பொறுப்பில் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார். கொடுத்தேன். பன்னிரண்டும் பச்சையாயின. பதினேழாவதைக் கேட்டேன். அவர் முகம் மாறியது. அது சட்டப் பிரிவு ஒப்புக்கொண்ட வாக்கியம், தன்னால் தொட முடியாது, மேலே எழுதுகிறேன் என்றார். எழுதியிருப்பார் என்றே நம்புகிறேன். பலகை அச்சாகிற வரை பதில் வரவில்லை.

நாற்பத்தொன்றில் நாற்பது. அலுவலகப் பெண் எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தார். என்னால் அதைக் குடிக்க முடியவில்லை.

ஒத்திகை அன்று காலையில் மகள் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் பலகை நின்றது. என்னுடைய வாக்கியங்கள் வெள்ளை எழுத்தில் இருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நடுவில் அதுவும் இருந்தது. தென்காற்று அடித்துக்கொண்டிருந்தது. கம்பத்தில் கட்டிய துணிப்பை வடக்கே நீட்டிக்கொண்டு நின்றது. மகளிடம் முன்பே எல்லாம் சொல்லியிருந்தேன். வெளியில் இருக்கும்போது சைரன் கேட்டால் சந்துக்குள் திரும்பு, சந்து மெயின்ரோட்டில் சேரும் இடத்தில் நான் நிற்பேன், ரோட்டைத் தாண்டினால் மைதானம் என்று. "எத்தினி வாட்டி சொல்லுவ நைனா, எனக்கே மனப்பாடம் ஆயிடிச்சி" என்றாள்.

நான் மெயின்ரோட்டில், நடு சந்து வந்து சேரும் இடத்தில் நின்றேன். அங்கிருந்து சந்து வழியே தெரு தெரியும். சைரன் ஊதியது. அது நின்றதும் ஒலிபெருக்கியில் இயந்திரக் குரல், ஏற்ற இறக்கமே இல்லாமல்: "வெளியில் இருந்தால், குறுக்குக் காற்றை நகர்த்தவும்." மூன்று தடவை சொன்னது.

சந்தின் மறுமுனையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து நின்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். "காத்த நகுத்தணுமாம் மாமு. எங்க நகுத்துறது, பீரோவா அது?"

"நீ ஒரு பக்கம் புடி, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன்."

அதற்குள் தெருவில் கூட்டம் ஓடத் தொடங்கிவிட்டது. வடக்கே. அத்தனை பேரும் கிடங்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, துணிப்பை காட்டிய திசையிலேயே. சந்தின் வாயை ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். எண்ணத் தொடங்கினேன், இருபத்தாறு வரை எண்ணினேன். இருபத்தேழாவதாக என் மகள் ஓடினாள்.

நான் கூப்பிட்டேன். ஓடுகிறவர்களின் சத்தத்தில் அவள் காதில் விழவில்லை. அவள் சந்தைத் தாண்டிப் போய்விட்டாள். ஒத்திகைதான், வாயு இல்லை, யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மறுபடி கூப்பிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வந்து சந்தின் வாயில் நின்றாள். மூச்சு வாங்கியபடி, தெருவைப் பார்த்துக் கத்தினாள். "யக்கோவ்! அந்தாண்ட ஓடாதீங்க, காத்து அங்கதான் போய்க்கினு கீது! இப்படிக் குறுக்கால வாங்க, ரோட்டுக்கு வாங்க!" முதலில் இரண்டு பெண்கள் திரும்பினார்கள். பிறகு வலை பின்னியவர், பிறகு மற்றவர்கள். மைதானத்தில் கம்பெனிக்காரர்கள் தலைகளை எண்ணி, ஒத்திகை நல்லபடியாக முடிந்தது என்று கைதட்டினார்கள்.

அவளிடம் கோபமாகத்தான் கேட்டேன். "உனக்குத் தெரியும் இல்ல? நீயே ஏன் ஓடின?"

"சைரன் ஊதுனா மூள வேல செய்யுமா நைனா? காதுல இன்னா வுழுதோ அத்தான் செய்வோம். அது இன்னாவோ பீரோ நகுத்தச் சொல்லுது. எல்லாரும் ஓடிகினு இருந்தாங்க, நானும் ஓடுனேன்." பிறகு, "பாதி தூரத்துல உன் மூஞ்சி ஞாபகம் வந்திச்சி. அதான் திரும்புனேன்" என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குப் பெருமையாக இல்லை. நாற்பது வாக்கியமும் அவளே வாசித்து, அவள் நாக்குக்கு ஏற்றபடி திருத்தியவை. மனப்பாடம் வேறு. அவளுக்கே அது போதவில்லை என்றால், மற்றவர்களுக்கு என்ன?

அடுத்த முறை போனபோது பலகைக்குக் கீழே புதிதாக ஒரு வரி இருந்தது. படகுக்கு அடிக்கிற நீலப் பெயின்ட், மகளின் கையெழுத்து. "காத்தோட ஓடாதீங்க. குறுக்கால சந்துல பூந்து ரோட்டுக்கு வாங்க." ஏழு சொற்கள். எதையும் திருத்தத் தோன்றவில்லை. ஆனால் அது பலகையில் இருக்கிறது, ஒலிபெருக்கியில் இல்லை. உப்புக் காற்றில் நீலம் எவ்வளவு நாள் நிற்கும் என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "படகுல நிக்கிற வரைக்கும் நிக்கும் மாமா" என்றார். அது எவ்வளவு என்று அவர் சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்து, அதே நிறுவனத்திடமிருந்து இன்னொரு கோப்பு வந்தது. தூத்துக்குடிப் பக்கம் இதே மாதிரி ஒரு கிடங்கு கட்டியிருக்கிறார்கள். முப்பத்தெட்டு வாக்கியங்கள். என் பழைய வாக்கியங்கள் முப்பத்தொன்று நினைவகத்திலிருந்து தாமாகவே வந்து உட்கார்ந்திருந்தன. அதற்காக மகிழ முடியவில்லை. பதினைந்தாவது இடத்தில் பூட்டுப் படத்தோடு குறுக்குக் காற்றும் வந்திருந்தது. என் வாக்கியங்களுக்கு நடுவில், அவற்றைப் போலவே ஒப்புதல் பெற்றதாக. புதிதாகப் பார்க்கிறவர் அதையும் நானே எழுதினேன் என்று நினைப்பார். இனி எந்தக் கடற்கரைக்கு இந்த அறிவிப்பு போனாலும் அது கூடவே போகும்.

அலுவலகப் பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தூத்துக்குடியில எனக்குப் பொண்ணு இல்லம்மா" என்றேன். 

அவர் குனிந்து கோப்பின் தலைப்பில் இருந்த ஊர்ப் பெயரைப் படித்தார். இன்னொரு முறை படித்தார். "இது எங்க சித்தி வீட்டுக்குப் பின்னாடி சார். உப்பளத்தைத் தாண்டினா சித்தி வீடு."

தன் மேஜைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் திரையில் கோப்பைத் திறந்து, எனக்கு வராத ஒரு பட்டியலை வரவழைத்து, எதையோ அழுத்தினார். பதினைந்தாவது வாக்கியத்தின் பக்கத்திலிருந்த பூட்டு மறைந்துவிட்டது. அவ்வளவுதான். இரண்டே அழுத்தல்.

"சொல்லுங்க சார், என்ன போடணும்?"

"காற்று போகும் திசையில் ஓடாதீர்கள். காற்றுக்குக் குறுக்கே நடந்து தள்ளிப் போங்கள்."

தட்டினார். பச்சை விழுந்தது. நான் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இது எண்ணூர் வேலை வந்தப்பவும் உங்களால முடிஞ்சிருக்குமா?"

 கீழே கடையில் யாரோ கயிற்றுச் சுருளைத் தரையில் போடும் சத்தம் கேட்டது.

"முடிஞ்சிருக்கும் சார்," என்றார். "க்ளையன்ட் பூட்டைத் திறந்தா காண்ட்ராக்ட் போயிரும்னு பயம். இப்பவும் போவலாம். கேட்டா நான் பேசிக்கிடுதேன்."

அவரிடம் கோபப்பட எனக்கு நியாயம் இருந்தது. கோபப்படத் தோன்றவில்லை. சித்தி வீட்டுக்குப் பின்னால் என்றதும் அவர் முகம் எப்படி மாறியது என்று பார்த்தேன். அந்த முகம் எனக்குத் தெரியும், நான் ஒரு வருஷமாக அதோடுதான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

"இது ஒப்புதல் ஆயிட்டா நினைவகத்துல இனி இந்த வாக்கியம்தான் இருக்கும் சார். எண்ணூர்ல மறுபடி எப்ப அச்சடிச்சாலும் இதுதான் வரும்."

"எப்ப மறுபடி அச்சடிப்பாங்க?"

"அது தெரியாது சார்."

"ஒலிபெருக்கி?"

அதுவும் அவருக்குத் தெரியவில்லை. சரிபார்க்கும் பெண்ணுக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். அந்தப் பெண் இப்போது வேறு பிரிவுக்கு மாறிவிட்டாராம், புதிதாக வந்தவருக்குப் பழைய கதை தெரியாது. முதலிலிருந்து சொல்ல வேண்டும். சொல்லிக்கொண்டிருக்கிறோம், இதுவரை நான்கு கடிதம் போயிருக்கிறது.

தினமும் காலையில் மகளுக்குப் போன் செய்கிறேன். முன்பெல்லாம் சாப்பிட்டாயா என்று தொடங்குவேன். இப்போது நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொல்லிவிடுகிறாள்.

"இன்னிக்கி தெக்கால இருந்துதான் அடிக்குது நைனா. வடக்க ஓட மாட்டேன். நீ போய் காபி குடி."

"பெயின்ட்?"

"கீது, கீது. ஓரத்துல கொஞ்சம் உரிஞ்சிகினு வருது."

"இன்னொரு கை அடிச்சிடும்மா."